கோர்ட் வேலைக்கு எந்தச் சான்றிதழ்?

“பாராலீகல் கோர்ஸ் முடித்தால் கோர்ட்டில் வேலை கிடைக்குமா?” பி.ஏ., பி.காம். முடித்த பலர் இப்படிக் கேட்கிறார்கள். பதில் சொல்லும் முன் எந்த வேலையைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் நீதிமன்றத்தின் அரசு ஊழியர். மற்றவர் வழக்கறிஞரின் அலுவலக உதவியாளர், நாம் காலங்காலமாகக் குமாஸ்தா என்று அழைப்பவர். முதலாமவரை அரசு தேர்வு வைத்து எடுக்கிறது. இரண்டாமவரை வழக்கறிஞர் தானே பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார். ஒரே சான்றிதழ் இரண்டு வேலைக்கும் போதும் என்று ஒரு விளம்பரம் சொன்னால், பணம் கட்டும் முன் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள்.

நீதிமன்றம் கேட்பது தட்டச்சு

தமிழ்நாட்டில் நீதிமன்ற அலுவலகங்களுக்கான இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் போன்ற பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முக்கியமான வழி. நீதித்துறை அமைச்சுப் பணி என்ற பெயரில் இவை அந்த அறிவிக்கைக்குள் வரும். கீழமை நீதிமன்றங்களின் பரிசோதகர், ரீடர், பெய்லிஃப், அலுவலக உதவியாளர் போன்ற சில பதவிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே நேரடியாக அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுப்பதும் உண்டு. இந்த அறிவிப்புகளில் கல்வித் தகுதி என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். பாராலீகல் சான்றிதழ் அங்கே தகுதியாகக் கேட்கப்படுவதில்லை.

கேட்கப்படுவது வேறு. இளநிலை உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைத் தகுதி. தட்டச்சருக்கு அதனுடன் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் முதுநிலையாக இருக்கலாம், அல்லது ஒன்று முதுநிலை, மற்றது இளநிலை என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிக்கு இதோடு சுருக்கெழுத்தும் சேரும். அலுவலகக் கணினிப் பயிற்சிக்கான ‘சி.ஓ.ஏ.’ சான்றிதழையும் கேட்பார்கள். அது கையில் இல்லாதவர்கள் தகுதிகாண் பருவத்துக்குள் முடிக்க இடம் தந்திருக்கிறார்கள்.

பட்டதாரிகள் இங்கே தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டம் இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிறார்கள், ஆகவே எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ் வினாக்கள். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர் சட்டச் சான்றிதழுக்குச் செலவிடும் ஆறு மாதத்தைத் தமிழ்ப் பாடத்துக்கும் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கும் கொடுத்தால், அரசுப் பணி என்ற இலக்குக்கு அதுதான் நேர்வழி. நீதிபதிகளுக்கான நேர்முக உதவியாளர் போன்ற உயர் நீதிமன்றப் பணிகளில் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கும் பட்டத்தோடு சுருக்கெழுத்தும் தட்டச்சும் சேர்ந்தே வர வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு ‘சட்டத் தன்னார்வலர்’ என்று சிலருக்குப் பயிற்சி தந்து அடையாள அட்டை கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அவர்களுக்கும் பாராலீகல் என்ற பெயர்தான். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2009-ல் கொண்டுவந்த திட்டம் அது. ஏழைகளுக்கும் சட்ட உதவி மையத்துக்கும் இடையில் நின்று மனு எழுத உதவுவது, சிறைக்கும் காவல் நிலையத்துக்கும் போய் உதவி தேவைப்படுபவரைக் கண்டறிவது அவர்களின் பணி. வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, மாதச் சம்பளம் கிடையாது. நல்ல அனுபவம், ஆனால் அது சேவை. இந்த அட்டையைக் காட்டி நீதிமன்ற ஊழியராக முடியாது.

வழக்கறிஞர் அலுவலகம் எதைப் பார்க்கிறது?

இந்தியாவில் பாராலீகல் என்ற தொழிலுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு எதுவும் இல்லை. பார் கவுன்சில் சட்டப் படிப்பையும் வழக்கறிஞர்களையும் ஒழுங்குபடுத்துகிறது. உதவியாளருக்கான கோர்ஸ்களை அது நடத்துவதில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் மூன்று மாதப் பயிற்சி நடத்திச் சான்றிதழ் அச்சடித்துத் தரலாம். பல்கலைக்கழகங்கள் நடத்தும் படிப்புகளும் உண்டு. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாராலீகல் டிப்ளமோ அவற்றில் ஒன்று. பிளஸ் டூ முடித்தவர்கள் ஓராண்டில் முடிக்கலாம். இந்திய சட்ட அமைப்பு, சட்டத்தின் அடிப்படை, நலிந்த பிரிவினருக்கான சட்டங்கள், ஊராட்சி நிர்வாகம் என்று அதன் பாடங்கள் அமைந்திருக்கின்றன. உரிமைகள் பற்றிய தெளிவுக்கு நல்ல படிப்பு. ஆனால் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி அந்தப் பாடங்களுக்கு வெளியே கிடக்கிறது.

அந்த வேலை என்னவென்று சொன்னால்தான் எந்தக் கோர்ஸ் பயன்படும் என்பது புரியும். அன்றாடம் வரும் ஒரு செக் கேஸை எடுத்துக்கொள்வோம்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி. கோவையில் சரக்கு வாங்கியவர் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருக்கிறார். வியாபாரி தன் ஈரோடு வங்கிக் கணக்கில் போட்டார். பணமில்லை என்று திரும்பிவிட்டது. வங்கியின் ரிட்டர்ன் மெமோ 2025 ஜூலை 10-ம் தேதி அவர் கைக்கு வந்தது. மறுநாள் மெமோவோடு வழக்கறிஞரிடம் வருகிறார். வழக்கறிஞர் கேட்டுக்கொண்டு, கட்டு போடச் சொல்லி உதவியாளரிடம் அனுப்புகிறார். இனி உதவியாளரின் மேசையில் நடப்பதைப் பாருங்கள்.

முதலில் அவர் ஒரு தாளில் தேதிகளை எழுதுகிறார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 142-வது பிரிவுகள் இப்படிப்பட்ட வழக்குக்கு மூன்று காலக்கெடுவை வைத்திருக்கின்றன. வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து எதிர்த் தரப்புக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் வழக்குமூலம் பிறக்கிறது. அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும்.

கணக்கிடும்போது தொடங்கும் நாளைத் தள்ளிவிட வேண்டும். ஜூலை 10-ஐத் தள்ளினால் 11-ம் தேதி முதல் நாள். ஆகஸ்ட் 9 முப்பதாவது நாள். நோட்டீசுக்குக் கடைசித் தேதி அதுதான். நம் உதவியாளர் கடைசி வரை வைக்கவில்லை. ஜூலை 21-ல் ஒப்புகையுடன் தபாலில் சேர்த்தார். கோவைக்காரர் 24-ம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கினார். 24-ஐத் தள்ளி எண்ணினால் ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 8 வரை பதினைந்து நாள். பணம் வரவில்லை. ஆகஸ்ட் 9-ல் வழக்குமூலம் பிறக்கிறது. அந்த நாளையும் தள்ளி ஒரு மாதம் எண்ணினால் புகாருக்குக் கடைசித் தேதி செப்டம்பர் 9.

இதில் விழக்கூடிய இடங்கள் இரண்டு. ஆர்வக்கோளாறில் ஆகஸ்ட் 8-ம் தேதிக்குள்ளேயே புகாரைத் தாக்கல் செய்துவிட்டால் அது முதிராத புகார். பதினைந்து நாள் முடியும் முன் வந்த புகாரின் மேல் விசாரணை எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. மறுபக்கம், செப்டம்பர் 9 தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு போட்டு நீதிமன்றத்தின் மன்னிப்பைக் கேட்க வேண்டும். நோட்டீசுக்கான 30 நாள் தாண்டினால் அந்த வழியும் இல்லை. மூன்று கெடுவுக்கும் அடிப்படையாக இருப்பவை மெமோ வந்த நாளும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளும். ஆகவே மெமோ எப்போது கைக்கு வந்தது என்று கட்சிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வதும், ஒப்புகை அட்டை வராவிட்டால் தபால் துறையின் இணையதளத்தில் டெலிவரி விவரத்தை எடுத்துக் கட்டில் சேர்ப்பதும் உதவியாளரின் பொறுப்பு. ‘வாங்க மறுத்தார்’, ‘ஆள் இல்லை’ என்று உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல், மேலே எழுதியிருப்பது தெரியும்படி வைத்திருக்க வேண்டும். வழக்கில் அதுவும் ஓர் ஆவணம்.

ஒரு தட்டச்சுப் பிழையின் விலை

நோட்டீசைத் தட்டச்சு செய்வதும் பெரும்பாலும் இதே கைதான். அதில் காசோலை எண், தேதி, வங்கி, தொகை நான்கையும் காசோலையை எதிரில் வைத்து எண் எண்ணாக ஒப்பிட வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு இதைப் பற்றியது. காசோலை ஒரு கோடி ரூபாய்க்கு. நோட்டீசில் கேட்ட தொகை இரண்டு கோடி. தட்டச்சில் வந்த பிழை என்று புகார்தாரர் சொல்லிப் பார்த்தார். நோட்டீசில் காசோலைத் தொகையே கேட்கப்பட வேண்டும், அது மாறியிருந்தால் நோட்டீஸ் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியோ செலவோ தனியாகக் கேட்கலாம். ஆனால் காசோலைத் தொகை இன்னது என்று பிரித்துத் தெரிய வேண்டும். 30 நாள் முடிவதற்குள் பிழை கண்ணில் பட்டிருந்தால் திருத்திய நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். தபாலில் போட்ட பிறகும் அலுவலகப் பிரதியை ஒருமுறை சரிபார்க்கும் பழக்கம் இதற்குத்தான் வேண்டும்.

அடுத்தது தாக்கல். கோவைக்காரர் மேல் வழக்கு என்பதற்காகக் கோவைக்குப் போக வேண்டியதில்லை. பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்று 2015-ல் வந்த திருத்தம் சொல்கிறது. எனவே ஈரோட்டில். புகார், பிரமாண வாக்குமூலம், காசோலை, மெமோ, நோட்டீஸ் பிரதி, தபால் ரசீது, ஒப்புகை அட்டை, ஆவணப் பட்டியல், வக்காலத்து என்று கட்டு சேர்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் எண். கையெழுத்து வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து. வக்காலத்தில் வழக்கறிஞர் நல நிதி முத்திரை.

இவற்றில் ஒன்று விட்டுப்போனால் கட்டு ‘ரிட்டர்ன்’ ஆகும். குறையை எழுதி, இத்தனை நாளுக்குள் சரிசெய்து கொண்டுவா என்று நீதிமன்ற அலுவலகம் திருப்பிக் கொடுக்கும். சரிசெய்து மறுபடி கொடுப்பதற்கு ‘ரீபிரசன்ட்’ என்று பெயர். அந்தக் கெடுவும் தாண்டினால் அதற்கும் ஒரு தாமத மன்னிப்பு மனு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது, திரும்பிய கட்டின் மேல் எழுதியிருக்கும் குறைகளைப் படித்து, அவற்றைத் தன் நோட்டில் வரிசையாகச் சேர்த்துக்கொள்வதுதான். பத்துக் கட்டுகளின் குறைகளைச் சேர்த்தாலே, அந்த நீதிமன்றத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வழக்குக்கு நம்பர் ஆனதும் பதினாறு இலக்கமும் எழுத்தும் கொண்ட ஒரு சி.என்.ஆர். எண் கிடைக்கும். அதை eCourts Services செயலியில் சேமித்துவைத்தால் அடுத்த வாய்தா எப்போது, என்ன கட்டத்துக்காக என்று பார்க்கலாம். ஆனாலும் அலுவலக டைரியில் கையால் எழுதுவதை விடக்கூடாது. நீதிமன்றத்தில் சொன்ன தேதி ஒன்றும், இணையத்தில் ஏறிய தேதி வேறொன்றுமாக இருக்கும் நாள் வரும். டைரியில் எழுதியிருந்தால் அன்று மாலையே தெரியும், மறுநாளே போய்க் கேட்கலாம்.

கோர்ஸை எப்படிச் சோதிப்பது?

இப்போது சான்றிதழுக்குத் திரும்புவோம். மேலே பார்த்த வேலையில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ததால் மட்டும் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. காலக்கெடுவைக் கணக்கிடுவது, ஆவணத்தை ஒப்பிடுவது, கட்டு சேர்ப்பது, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் தட்டச்சு செய்வது, இ-ஃபைலிங் தளத்தில் ஏற்றுவது, வாய்தா டைரி பராமரிப்பது. ஒரு கோர்ஸில் சேரும் முன் அதன் பாடத்திட்டத்தை வாங்கி இந்த ஆறும் இருக்கிறதா என்று பாருங்கள். அரசியலமைப்பின் வரலாறும் சட்டத்தின் தத்துவமும் மட்டும் இருந்தால் அது பொது அறிவுப் படிப்பு. அதற்கு உரிய கட்டணம் மட்டும் கொடுக்கலாம்.

பாடம் நடத்துபவர் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கறிஞரா, பயிற்சியின்போது ஏதாவது ஒரு அலுவலகத்தில் சில வாரமாவது உட்கார வைப்பார்களா என்றும் கேளுங்கள். முடித்தவர் கையில் அவரே தயாரித்த ஒரு நோட்டீஸ், ஒரு தேதிப் பட்டியல், ஒரு மாதிரிக் கட்டு இருக்க வேண்டும். வேலை கேட்டுப் போகும்போது வழக்கறிஞர் சான்றிதழைப் புரட்டுவதைவிட இவற்றைப் பார்ப்பார். மேலே சொன்ன ஈரோட்டுக் கணக்கையே தேதிகளை மாற்றிக் கொடுத்து, எதிரில் வைத்துப் போடச் சொல்லும் மூத்த வழக்கறிஞர்களும் உண்டு.

“அரசு அங்கீகாரம்” என்று விளம்பரத்தில் இருந்தால், எந்த அரசு ஆணையின்படி, எந்தப் பதவிக்கான அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைநிலைப் படிப்பாக இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் deb.ugc.ac.in தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். அமெரிக்கச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே வழக்கறிஞர் சங்கம் பாராலீகல் படிப்புகளைப் பரிசீலித்து ஒப்புதல் தருகிறது, தொழில் அமைப்புகள் தனித் தேர்வும் நடத்துகின்றன. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஒப்பந்தங்களைப் படித்துத் தரும் கம்பெனிகளில் சேர நினைப்பவருக்கு அது ஒருவேளை கைகொடுக்கலாம். நம்மூர் முன்சீப் கோர்ட்டில் கட்டு தாக்கல் செய்ய அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சான்றிதழ் தராத உரிமை

எந்தச் சான்றிதழ் இருந்தாலும் உதவியாளர் வாதாட முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 29-வது பிரிவு தொழில் நடத்தும் உரிமையை வழக்கறிஞர்களுக்கு மட்டுமே தருகிறது. உரிமை இல்லாமல் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறை என்று 45-வது பிரிவு சொல்கிறது. சிக்கல் பெரும்பாலும் நீதிமன்ற அறையில் வருவதில்லை. அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில், “அண்ணே, இந்தக் கேஸ் ஜெயிக்குமா, கையெழுத்துப் போட்டுடலாமா?” என்று கட்சிக்காரர் கேட்கும்போது வருகிறது. “சார் கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பதுதான் உதவியாளரின் பதில். தேதியைச் சொல்லலாம், என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லலாம். வழக்கின் போக்கைப் பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது.

கட்சிக்காரர் அலுவலகத்தில் சொன்னதை வெளியே பேசவும் கூடாது. வழக்கறிஞரைக் கட்டும் ரகசியக் கடமை அவருடைய குமாஸ்தாவையும் ஊழியரையும் கட்டும் என்று, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. சிறிய ஊர்களில் இரு தரப்பும் தெரிந்தவர்களாக இருப்பார்கள். ஒரு வார்த்தை வெளியே போனால் வழக்கும் கெடும், வேலையும் போகும்.

வாதாடவும் ஆலோசனை சொல்லவும் ஆசை வந்துவிட்டால் பட்டதாரிக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது. அலுவலக உதவியாளராக இருந்த ஆண்டுகளைக் காட்டி அந்த மூன்றில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. அந்த ஆசை இல்லாதவர்கள் இரண்டில் ஒன்றை முதலில் முடிவு செய்யட்டும். அரசு ஊழியராக வேண்டுமானால் தட்டச்சு முதுநிலைத் தேர்வுக்கும் குரூப் 4-க்கும் விண்ணப்பம் போடுங்கள். வழக்கறிஞர் அலுவலகம் வேண்டுமானால் கோர்ஸில் சேர்வதற்கு முன்பே ஒரு அலுவலகத்தில் கேட்டு, ஒரு மாதம் உடன் இருந்து பாருங்கள். எந்தக் கோர்ஸ் தேவை, கோர்ஸே தேவையா என்பது அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும்.